செல்லக்கிளியின் புதன்கிழமை

மதுரை காளவாசல் சிக்னலிலிருந்து நாலு கடை தள்ளி என் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், பான் கார்டு, ஆதார் திருத்தம், வருமான வரி என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். போர்டில் எழுதாத வேலை ஒன்றும் செய்கிறேன். அதுதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டது. என் பெயர் வெங்கடரமணன். தெருவில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். அது பாதிதான் உண்மை. நான் பயந்தவன். பயம் வந்தால் சத்தம் போடுவேன். என் மனைவி அலர்மேல்மங்கை இதையே எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஒரே வார்த்தையில் சொல்லுவாள். அதை இங்கே எழுத முடியாது.

நான் எழுத வந்தது செல்லக்கிளியைப் பற்றி. வயது முப்பத்தாறு. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது; அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தே நாலு பிள்ளைகளை வளர்த்தார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி வில்லாபுரத்துக்கு வந்தாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்றே வேலை பார்த்ததில் காலில் நரம்பு சுருண்டுகொண்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலையாக வேண்டும் என்று தேடியவளுக்குக் கிடைத்தது, வண்டி சீட்டில் உட்கார்ந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.

முதலில் சேர்ந்த கம்பெனியில் ஏழு மாதம் ஓட்டினாள். யாரோ ஒரு கஸ்டமர் சாப்பாடு வரவில்லை என்று புகார் போட்டுவிட்டார், கம்பெனி இவள் ஓட்டுகிற ஐடியை முடக்கிவிட்டது. இவள் கொடுத்தது நிஜம். ஆனால் அதை யாரிடம் சொல்வது? போனில் பொத்தான்கள்தான் இருந்தன. "உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஆறு பிரச்சினைகள் வரும், அதில் இவளுடைய பிரச்சினை இருக்காது. பதினோரு நாள் அந்தப் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஐடி திரும்பி வரவேயில்லை. இப்போது ஓட்டுவது இரண்டாவது கம்பெனி. மதுரையில் இவள் ஓட்டக்கூடிய நேரத்துக்கு ஆர்டர் வருகிற கம்பெனி அந்த இரண்டுதான். இந்த ஐடியும் போனால் வேறு போக்கிடம் இல்லை. வண்டிகூட அந்த ஐடியின் பேரில் வாடகைக்கு எடுத்த கரண்ட் ஸ்கூட்டர்தான். போனைச் சட்டைப்பையில் வைக்காமல் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர்கள் கணக்கு திங்களில் தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். திங்கள் பகல் பதினொரு மணிக்கு வாரக் கணக்கு போனுக்கு வரும். புதன்கிழமை பணம் வங்கியில் ஏறும். செல்லக்கிளி திங்கள்தோறும் அந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து எடுத்துப்போவாள். மற்ற டெலிவரிப் பையன்கள் யாரும் இப்படிச் செய்வதில்லை. புதன்கிழமை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள், குறைந்திருந்தால் கெட்ட வார்த்தை சொல்வார்கள், முடிந்தது.

நான் சொல்கிற திங்கட்கிழமை, பதினொன்றே காலுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அண்ணே, இதப் படிங்க. நான் படிச்சது தப்பான்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். நூறு ஆர்டருக்கு மூவாயிரத்து எண்ணூறு. மழை நேரத்தில் ஓட்டியதற்குக் கூடுதல் நூற்று அறுபது. அதற்குக் கீழே வார ஊக்கத்தொகை ஆயிரத்து ஐநூறு என்று இருந்தது. பக்கத்திலேயே "பரிசீலனையில் உள்ளது" என்றும் இருந்தது. அந்தத் தொகையைக் கூட்டலில் சேர்க்கவில்லை. பிறகு பிடித்தங்கள். ஸ்கூட்டர் வாடகை ஒரு நாளைக்கு இருநூறு வீதம் ஆயிரத்து நானூறு. சாப்பாட்டுப் பைக்கும் கம்பெனி பேர் போட்ட டிசர்ட்டுக்கும் தவணை இருநூறு. வரிப்பிடித்தம் நாற்பது. கடைசியாகச் சிவப்பு எழுத்தில், "செலுத்தப்படாத ரொக்கம்: 2,386".

அடியில், புதன்கிழமைத் தேதி போட்டு, கிடைக்கும் தொகை மைனஸ் அறுபத்தாறு.

"ஒரு வாரம் வெயில்ல அலைஞ்சு, கம்பெனிக்கு நான் அறுபத்தாறு ரூவா குடுக்கணுமாண்ணே?" என்று கேட்டாள்.

"என்னம்மா பண்ணுன?" என்று சத்தம் போட்டேன். சொன்னேனே, பயந்தால் சத்தம் போடுவேன்.

அவள் கடைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். சனிக்கிழமை ராத்திரி மகள் பவதாரிணிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. எட்டாவது படிக்கிற பிள்ளை. வில்லாபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அப்போது இவள் தொண்ணூற்றொன்று ஆர்டர் முடித்திருந்தாள். நூறு முடித்தால்தான் ஊக்கத்தொகை. தொண்ணூற்றொன்பதுக்கும் ஒன்றும் கிடையாது. அந்த ஆயிரத்து ஐநூறை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பாக்கியைப் புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தாள்.

காளவாசல் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தருக்கு ஆர்டர் எண்ணிக்கை குறைந்து, அவரால் ஓட்ட முடியாமல் போனால், இன்னொருத்தர் அவர் போனை வாங்கிக்கொண்டு அந்த ஐடியில் ஓட்டி முடித்துத் தருவார். 'கை கொடுப்பது' என்பார்கள். காசு பணம் கேட்பதில்லை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். கம்பெனிக்குத் தெரிந்தால் ஐடி போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கிளிக்குக் கை கொடுத்தவன் பாண்டிராஜ். இருபத்தெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம், வேலையில் சுத்தம். அவள் போனை வாங்கித் தன் பைக்கில் மாட்டிக்கொண்டு போனான். நாலு ஆர்டர் ஒழுங்காகப் போனது. ஐந்தாவதுக்குப் பிரியாணியை வாங்கிப் பைக்குள் வைத்த நேரத்தில் போன் முகத்தைக் காட்டச் சொல்லிவிட்டது. ஐடிக்குரிய ஆள்தான் ஓட்டுகிறாரா என்று திடீர் திடீரென்று இப்படிக் கேட்கும். அரை மணி நேரம் கெடு. கம்பெனி டிசர்ட் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

பிரியாணியோடு வில்லாபுரத்துக்குப் பறந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஏழு நிமிடம் மீதி. செல்லக்கிளியின் டிசர்ட் வீட்டில் கிடந்தது. பாண்டிராஜ் நடையிலேயே தன் டிசர்ட்டைக் கழற்றி நீட்டினான். நர்ஸ் கத்த, பனியனோடு நின்றான். இவள் சுடிதாருக்கு மேல் அந்த ஈர டிசர்ட்டை மாட்டிக்கொண்டு போன் முன்னால் முகத்தைக் காட்டினாள். பச்சை விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்களாம். படத்தில் தன் தோளுக்குப் பின்னால் மகளுக்கு ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் பாட்டில் தெரிவதை இவள் அப்போது கவனிக்கவில்லை. ராத்திரிதான் பார்த்தாள். அதற்குப் பிறகு தூங்கவில்லை.

"அந்தப் படத்தத்தாண்ணே பாத்துருப்பாங்க. அதான் பரிசீலனை" என்றாள். "ஐடி போயிரும்ணே."

"சரி, இந்த ரொக்கம் என்ன?"

ஒன்பது ஆர்டரில் ஆறு பேர் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசை அன்றைக்கே கம்பெனிக்குக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வாரக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். பாண்டிராஜ் கட்டிவிட்டேன் என்று சொன்னான். அதுவும் என் கடையில் கட்டியதாக.

போர்டில் எழுதாத வேலை இதுதான். பையன்கள் கையில் ரொக்கம் இருக்கும், வங்கியில் இருக்காது. காசை என்னிடம் கொடுத்தால், என் வங்கிக் கணக்கிலிருந்து அவர்கள் ஐடிக்குக் கட்டிவிடுவேன். தடவைக்குப் பத்து ரூபாய். இருபத்திரண்டு பேருடைய ஐடி என் போனில் சேமிப்பில் இருக்கிறது. பெயரைத் தொட்டால் போதும்.

போனை எடுத்துச் செல்லக்கிளி பெயரைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியாகக் கட்டியது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை.

"அவன் எங்கிட்டக் கட்டலம்மா. புளுகிருக்கான்" என்றேன். அத்தோடு விட்டேனா? "பனியனோட நின்னானாம்ல. நாடகம்! ரெண்டாயிரத்த அமுக்கிட்டான்" என்றும் சொன்னேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் சந்தேகம் அவளிடம் ஒட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். வெளியே போய்ப் பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். கண்ணாடி வழியாக அவள் கை ஆடுவது தெரிந்தது. உள்ளே வந்து, "திருடன்னு சொல்றியாக்கான்னு கேட்டு வச்சிட்டான். மறுபடி போட்டா எடுக்க மாட்டேங்கிறான்" என்றாள்.

கணக்கில் தப்பு இருந்தால் செவ்வாய் மாலைக்குள் புகார் கொடுக்கலாம் என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதியிருந்தது. புகார் கொடு என்றேன்.

"என்னான்னு குடுக்க? எங்காச இன்னொருத்தன் வாங்குனான்னா? அவன் எதுக்கு வாங்குனான்னு கேப்பாங்கல்ல?"

தாளை மடித்துக்கொண்டு ஓட்டப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரிவரை இருபத்தோரு ஆர்டர் ஓட்டினாள் என்று பிறகு தெரிந்தது. ஐடி இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும் என்ற பயம்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. தல்லாகுளத்துக்கு நேரில் வரவும், ஆதாரும் கணக்குத் தாளும் கொண்டுவரவும். போன கம்பெனியில் பேச மனிதர் கிடைக்கவில்லை என்று அழுதவள், இப்போது மனிதர் கூப்பிடுகிறார் என்று நடுங்கினாள். "அண்ணே, கூட வாங்கண்ணே. இங்கிலீஷ்ல எதும் கையெழுத்து வாங்கிட்டா எனக்குத் தெரியாது" என்றாள். கடையைச் சாத்திவிட்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்து கொடுத்தேன். வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்தது, ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினேன் என்று சொல்லச் சொன்னேன். கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் அவள் அதை நாலு தடவை ஒப்பித்துவிட்டாள்.

மாடியில் ஏசி அறை. விஜய்ஆனந்த் என்று இருபத்தாறு வயதுப் பையன். கத்துகிறவனாக இருப்பான் என்று நினைத்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அதுவே இன்னும் பயமாக இருந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பினான். பெரிதாகச் செல்லக்கிளியின் முகம். தோளுக்கு மேலே பாட்டில்.

"என்னக்கா, ஓட்டும்போது அடிபட்டுச்சா?" என்று கேட்டான். "ஆர்டர் போயிட்டிருக்கும்போது ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்க. ஆக்சிடென்ட்னா நம்ம இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணலாம். டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கா? அதுக்காகத்தான் வரச் சொன்னேன்."

நாங்கள் எதிர்பார்த்தது திட்டு. வந்தது உதவி. என் பொய்யை அங்கே வைத்தால் அது ஆஸ்பத்திரித் தாள் கேட்கும். தாளில் இருப்பது பவதாரிணியின் பெயர். செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். நான் காற்றாடியைப் பார்த்தேன். ஏசி அறையில் காற்றாடி எதற்கு என்று வேறு யோசித்தேன்.

"எனக்கில்ல சார்" என்றாள். "எம் மகளுக்கு."

"அப்ப வண்டி ஓட்டினது யாரு?"

அவள் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். அவன் முகத்திலிருந்து அந்த 'அக்கா' போய்விட்டது. விசைப்பலகையில் ஏதோ தட்டினான்.

"ஐடிய இன்னொருத்தர்ட்டக் குடுத்திருக்கீங்க. தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். பிள்ளைக்கு நூத்தி மூணு காய்ச்சல்."

"யாரு ஓட்டினா?"

"அத விட்ருங்க சார்."

"விட முடியாது. ரூல்படி இது ஐடிய எடுக்கிற தப்பு." கணக்குத் தாளை இழுத்துச் சிவப்பு வரியில் பேனாவை வைத்தான். "இந்த ரெண்டாயிரத்தி முன்னூத்தி எண்பத்தாறு பூரா அந்த ஒன்பது ஆர்டர் காசு. அந்த ஆள் எடுத்துட்டுப் போயிட்டானா? பேரச் சொல்லுங்க. அவன் ஐடிய எடுத்துட்டு, உங்களுக்கு ஊக்கத்தொகைய விடச் சொல்லி மேல எழுதுறேன். இல்லன்னா நான் எழுதறதே வேற மாதிரி இருக்கும்."

அந்தத் தொகையை அவன் வாயால் கேட்டபோதுதான் எனக்குள் என்னவோ இடறியது. மேஜைக்குக் கீழே போனை எடுத்தேன். பெயரைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை என் கணக்கிலிருந்து போன எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாலை ஏழு நாற்பது. 2,386. பாண்டிராஜ்.

அவன் கட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கவுண்டரில் காசை வைத்து, "அக்கா காசுண்ணே, கட்டிருங்க" என்று சொல்லியிருப்பான். நான் காதில் வாங்காமல், எதிரே நின்ற முகத்தைப் பார்த்து, அந்த முகத்தின் பெயரைத் தொட்டிருக்கிறேன். செல்லக்கிளியின் காசை அவன் ஐடியில் கட்டியவன் நான். பத்து ரூபாயும் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பையன் பாண்டிராஜின் கணக்கைத் திறந்தால் அதே தொகை கூடுதலாக உட்கார்ந்திருக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பாண்டிராஜ் மாட்டுவான், ஆகவே பேசாமலிருந்தேன் என்று அன்றைக்கு ராத்திரி அலர்மேல்மங்கையிடம் சொன்னேன். அது பொய். எனக்கு என்ன ஆகுமோ என்றுதான் பேசாமலிருந்தேன்.

செல்லக்கிளிக்கு இது எதுவும் தெரியாது. பாண்டிராஜ் தன் காசைத் தின்றுவிட்டான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்ப வைத்தவன் நான். அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னால் அவள் ஐடி அவளுக்கு. அவள் மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் வெளுத்துப் போயிருந்தது.

"இல்ல சார்" என்றாள். "காசு எங்கைக்கு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கட்டிப்புட்டேன். அவுகளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

விஜய்ஆனந்த் பேனாவை மூடி வைத்தான். பிறகு பக்கத்து அறைக்கு எழுந்து போனான். கால் மணி நேரம் வரவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் அவள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"வண்டிச் சாவிய இங்கயே வாங்கிக்கிருவாங்களாண்ணே? வீட்டுக்கு எப்படிப் போக?"

நான் பஸ் இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வந்தவன் நின்றபடியே சொன்னான். ஊக்கத்தொகை ரத்து. ஒன்பது ஆர்டர் காசு முந்நூற்று அறுபதும் ரத்து. புதன், வியாழன், வெள்ளி ஐடி முடக்கம், வண்டி வாடகை மட்டும் ஓடும். முதல் தப்பு என்று எழுதி எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்கள். இரண்டாவது தடவை என்று ஒன்று வந்தால் பேச்சே கிடையாது. புதுக் கணக்குத் தாளை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கினான். நான் படித்துச் சொன்னேன். வரிப்பிடித்தம் நாலு ரூபாய் குறைந்து, மைனஸ் நானூற்று இருபத்திரண்டு. அடுத்த வாரத்தில் கழித்துக்கொள்ளப்படும்.

ஐடி போகவில்லை. படியிறங்கும்போது அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "பசிக்குதுண்ணே" என்றாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். எதிரே இருந்த கடையில் இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, சால்னாவை ஊற்றச் சொன்னேன்.

புதன்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு நான் அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். கல்லாவிலிருந்து இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தாறை எண்ணிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக யோசித்தும் வைத்திருந்தேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் பாண்டிராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் போன்.

"அண்ணே, எனக்கு இந்த வாரம் ரெண்டாயிரத்தி முன்னூத்தி எண்பத்தாறு சேத்துப் போட்டுருக்கான். என்ன கணக்குண்ணே இது?" என்றவன் செல்லக்கிளியைப் பார்த்ததும் நின்றான். தொகையைச் சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "அப்பவே சொன்னேன்ல, இங்கதாங்க்கா கட்டுனேன்."

செல்லக்கிளி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று விதமாக யோசித்து வைத்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நாந்தாம்மா" என்றேன். "அவன் பேர்ல கட்டிப்புட்டேன். நேத்து ஆபீஸ்லயே தெரிஞ்சிருச்சு. சொல்லப் பயமாப் போச்சு."

கவரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. திரும்பிப் பாண்டிராஜிடம், "ஒன்னியத் திருடன்னே நெனச்சுட்டேன் தம்பி. ரெண்டு நாளா" என்றாள். "நேத்து அங்க உக்காந்திருக்கும்போதும் அதத்தான் நெனச்சேன்."

"ஆபீஸுக்குப் போனியா? என்ன கேட்டாங்க?"

"யாரு ஓட்டுனான்னு கேட்டாங்க."

பாண்டிராஜ் அடுத்து எதுவும் கேட்கவில்லை. அவன் ஐடி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. பதில் அதிலேயே இருந்தது. தன்னைத் திருடன் என்று நம்பிக்கொண்டே தன் பெயரைச் சொல்லாமல் வந்த ஒருத்தி முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே நின்றதே போதும் என்றிருந்தது. அவன் வெளியே போய் ஏடிஎம்மில் எடுத்துவந்து, அந்தக் காசை அவள் கையில் வைத்துவிட்டு, அழைத்த ஆர்டருக்குப் போய்விட்டான். நான் கவரைக் கல்லாவில் போடப் போனேன்.

"அண்ணே" என்றாள் செல்லக்கிளி.

"என்னம்மா?"

"கட்டுறதுக்குப் பத்து ரூவா வாங்குனீங்கள்ல. அதக் குடுங்க."

கொடுத்தேன். வாங்கித் தனியாக மடித்து, போன் உறைக்குள் செருகிக்கொண்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் திட்டவில்லை.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். பவதாரிணி தேறிவிட்டாள், கஞ்சி குடித்தாள் என்றாள். முடக்கம் விடிகாலையிலேயே நீங்கியிருக்க வேண்டும். வீட்டில் தனியாகத் திறந்து பார்க்கத் துணிவு வரவில்லையாம். பாண்டிராஜும் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். செல்லக்கிளி இன்று தன் டிசர்ட்டைத்தான் போட்டிருந்தாள், இஸ்திரி போட்டு. கழுத்துக் கயிற்றிலிருந்த போனைக் கையில் எடுத்து, பின்னால் என்ன தெரிகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். என் ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்தது. அதையும் வேண்டாம் என்று வெற்றுச் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

வட்டத்துக்குள் முகத்தைக் காட்டினாள். சரிபார்க்கப்படுகிறது என்று வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பாண்டிராஜ் ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண் இமைக்கவில்லை. இமைத்தால் வேறு ஆள் என்று சொல்லிவிடுமோ என்று பயம்.

பச்சை விழுந்தது. அவள் உடனே நம்பவில்லை. முதல் ஆர்டர் மணி அடித்தபோதுதான் மூச்சு விட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் சாவியைத் திருகுவதற்கு முன் பாண்டிராஜைப் பார்த்து, "ஒனக்கு இந்த வாரம் நூறுக்கு எம்புட்டு பாக்கி?" என்று கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"ஒனக்கும் கொறைஞ்சா சொல்லு. நான் கை குடுக்குறேன்."

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் ஆக்சிலேட்டரைத் திருகினாள். சிக்னல் விழுவதற்குள் போய்விட்டாள்.